ஒரே மாதத்துக்கு மூன்று கன்வெர்ஷன் விகிதங்கள்: பிப்ரவரியில் ஏறியதா, இறங்கியதா?

நெசவுத்தெரு (கேள்வி)

வணக்கம். பருத்திப் புடவைகளை இணையத்தில் விற்கும் சிறிய கடை ஒன்றில் கணக்கும் அறிக்கைகளும் என் பொறுப்பு. கூகுள் தேடல் விளம்பரங்களுக்கு மட்டுமான ஜனவரி, பிப்ரவரி எண்களை முதலாளியிடம் கொடுக்க வேண்டும். ஆனால் எந்தத் திரையைப் பார்க்கிறேன் என்பதைப் பொறுத்து விடையே தலைகீழாகிறது.

கூகுள் ஆட்ஸில் ஜனவரியில் 4,000 கிளிக்குகளும் 96 ஆர்டர்களும் இருந்ததால் விகிதம் 2.4%. பிப்ரவரியில் அதே 4,000 கிளிக்குகளுக்கு 108 ஆர்டர்கள் வந்து 2.7% ஆனது. அனலிட்டிக்ஸ் 4-இல் `google / cpc` என்ற வரியை மட்டும் எடுத்தால், ஜனவரியில் 3,600 செஷன்களில் 90 செஷன்கள் வாங்குதலில் முடிந்தன, அதாவது 2.5%. பிப்ரவரியில் 5,000 செஷன்களில் 105 மட்டுமே அப்படி முடிந்ததால் 2.1%. அதே வரியில் பயனர்களைப் பார்த்தால், ஜனவரியில் 2,400 பேரில் 84 பேர் வாங்கியிருக்கிறார்கள், 3.5%. பிப்ரவரியில் 2,500 பேரில் 100 பேர், 4.0%.

விளம்பரத்தைக் கவனிக்கும் ஏஜென்சி 2.7% என்பதைக் காட்டி முன்னேற்றம் என்கிறது. முதலாளி 2.1% என்பதைக் காட்டிப் பின்னடைவு என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? 4,000 கிளிக்குகளிலிருந்து 5,000 செஷன்கள் எப்படி வர முடியும் என்பதும் எனக்குப் புரியவில்லை.

கடைவீதி

பணம் செலுத்தும் பக்கத்தில் எத்தனை கட்டங்களை நிரப்பச் சொல்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். எங்கள் கடையில் கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்று மாற்றிய பிறகு விகிதம் உயர்ந்தது. யூபிஐ வசதியை மேலே வைப்பதும் உதவும்.

நெசவுத்தெரு

நன்றி ஐயா. ஆனால் விகிதத்தை உயர்த்தும் வழியை நான் கேட்கவில்லை. உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதே தெரியாமல் நிற்கிறேன்.

தாளடி

செஷனை வைத்துக் கணக்கிடுவதுதான் எப்போதும் சரி, மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். பக்கம் திறப்பதற்குள் திரும்பிப் போனவர்களும், ஒரே விளம்பரத்தை இரண்டு முறை தொட்டவர்களும் கிளிக் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறார்கள். செஷன்கள் கூடியதற்குக் காரணம் எளிது: 30 நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் செஷன் முடிந்துவிடும், நள்ளிரவு 12 மணிக்கும் செஷன் உடையும். பிப்ரவரியில் இரவில் உலாவியவர்கள் அதிகமாக இருந்திருப்பார்கள்.

அளவீட்டுமேசை

தாளடி சொன்னதில் பாதி சரி. 30 நிமிடம் என்பது இயல்பு அமைப்பு, அது இப்போதும் உண்டு. நள்ளிரவில் செஷன் உடைவது பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் வழக்கம். அது 2023 ஜூலையில் தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது, அனலிட்டிக்ஸ் 4-இல் செஷன் நள்ளிரவைத் தாண்டியும் தொடரும். ஆகவே இரவு உலாவலால் 1,400 செஷன்கள் கூடியிருக்காது.

கிளிக் குறித்து அவர் சொன்னது ஜனவரிக்குப் பொருந்துகிறது. 4,000 கிளிக்குகளில் 3,600 செஷன்கள் என்பது, பக்கம் திறக்காமல் போனவர்களையும் குக்கீக்கு அனுமதி மறுத்தவர்களையும் நினைத்தால் இயல்பான இடைவெளி. பிப்ரவரியில்தான் கதை மாறுகிறது. செஷன்கள் கிளிக்குகளை மிஞ்சினால், விளம்பரத்தைத் தொடாமலே உள்ளே வந்த வருகைகள் விளம்பரத்தின் பெயரில் பதிவாகின்றன என்று பொருள். அனலிட்டிக்ஸில் ஒரு செஷன் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நேரடி வருகையாக இருந்தால், அந்த நபர் இதற்கு முன் வந்த அறிந்த வழி எதுவோ அதன் கணக்கிலேயே அது எழுதப்படும். முன்பு விளம்பரம் வழியாக வந்தவர் இன்று முகவரியைத் தானே தட்டி வந்தாலும் `google / cpc` வரியில் இன்னொரு செஷன் கூடும். கூகுள் ஆட்ஸில் ஒரு கிளிக்கும் கூடாது, ஒரு பைசாவும் செலவாகாது.

உங்கள் எண்களிலேயே அதன் தடயம் இருக்கிறது. ஜனவரியில் 3,600 செஷன்களை 2,400 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 1.5, பிப்ரவரியில் 5,000-ஐ 2,500 பேருக்குப் பகிர்ந்தால் 2.0. மக்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். மூன்று முறை வந்து மூன்றாம் முறை வாங்கியவர், பயனர் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று. செஷன் கணக்கில் மூன்றுக்கு ஒன்று. கடையைப் பொறுத்தவரை அவர் வாடிக்கையாளர் ஆகிவிட்டார், செஷன் விகிதத்தைப் பொறுத்தவரை இரண்டு தோல்விகளையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்.

இதைக் கணக்காகவே எழுதலாம்:

```
பயனர் விகிதம் = செஷன் விகிதம் × ஒருவருக்கான செஷன்கள் × (வாங்கியவர்கள் ÷ வாங்கிய செஷன்கள்)
ஜனவரி    : 2.5% × 1.5 × (84 ÷ 90)   = 3.5%
பிப்ரவரி : 2.1% × 2.0 × (100 ÷ 105) = 4.0%
```

நடுவில் உள்ள எண் 1.5-லிருந்து 2.0 ஆனதுதான் இரண்டு விகிதங்களையும் எதிரெதிர்த் திசையில் இழுத்தது. பிப்ரவரியில் பழைய வாடிக்கையாளர்களைத் திரும்ப அழைக்கும் ஏதாவது ஒன்றைப் புதிதாகத் தொடங்கினீர்களா?

நெசவுத்தெரு

ஆம். பிப்ரவரி முதல் வாரத்தில் விருப்பப் பட்டியல் என்ற வசதியைச் சேர்த்தோம். பட்டியலில் புடவையைச் சேர்த்தவர்களுக்கு இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டலும் இணைப்பும் போகும். அதை விளம்பரத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அளவீட்டுமேசை

அந்த இணைப்பில் வந்த வழியைக் குறிக்கும் ஒட்டு ஏதும் இல்லையென்றால், வாட்ஸ்அப்பிலிருந்து வருவது பெரும்பாலும் நேரடி வருகையாகவே பதிவாகும், மேலே சொன்னபடி விளம்பரத்தின் தலையில் ஏறும். இனிமேல் அனுப்பும் இணைப்புகளின் இறுதியில் இதைச் சேருங்கள்:

```
?utm_source=whatsapp&utm_medium=message&utm_campaign=wishlist_reminder
```

கடந்த பிப்ரவரியைத் திருத்த முடியாது. ஆனால் நினைவூட்டல் இணைப்பு ஒரு தனிப் பக்கத்துக்குப் போகிறது என்றால், செஷன் தொடங்கிய பக்கத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

பயிற்சிநிலையம்

இடையில் என் சந்தேகம் ஒன்று. நான் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரங்களைப் பார்க்கிறேன். தினமும் பயனர் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, மாத இறுதியில் கூட்டி, சேர்ந்தவர்களை அதனால் வகுக்கிறேன். எனக்கு வரும் பயனர் விகிதம் அனலிட்டிக்ஸ் காட்டுவதைவிட எப்போதும் குறைவாகவே இருக்கிறது. என் தவறா, கருவியின் தவறா?

அளவீட்டுமேசை

கருவியின் தவறு அல்ல. கிளிக்குகளைக் கூட்டலாம், ஆட்களை அப்படிக் கூட்ட முடியாது. திங்கள், புதன், சனி என மூன்று நாள் வந்த ஒருவரை உங்கள் தாள் மூன்று பேராக எண்ணுகிறது. மாத அறிக்கைக்கு மாதம் முழுவதையும் ஒரே காலமாகத் தேர்ந்தெடுத்துத்தான் பயனர் எண்ணிக்கையை எடுக்க வேண்டும். இதே காரணத்தால் ஒரு வாரத்துக்கான பயனர் விகிதத்தையும் ஒரு மாதத்துக்கானதையும் அருகருகே வைக்கக் கூடாது. காலம் நீளும்போது பலமுறை யோசித்து வாங்குகிறவர்கள் தம் முடிவுக்கு வந்துசேர இடம் கிடைக்கிறது.

தாளடி

நள்ளிரவு குறித்த திருத்தத்துக்கு நன்றி. அப்படியானால் பயனரை வைத்துக் கணக்கிடுவதே சரியானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அளவீட்டுமேசை

அப்படியும் சொல்ல மாட்டேன். கருவி எண்ணுவது மனிதரை அல்ல, உலாவியில் கிடக்கும் குக்கீயை. கைப்பேசியில் விளம்பரத்தைத் தொட்டு, இரவு கணினியில் வாங்கிய ஒருவர், உள்நுழைவு அடையாளத்தை நீங்கள் அனுப்பாதவரை, இரண்டு பேர்தான். சஃபாரியில் பக்கத்தின் நிரல் எழுதும் குக்கீக்கு 7 நாள் ஆயுள் என்ற வரம்பு இருப்பதால், பத்து நாள் கழித்துத் திரும்பும் ஐபோன்காரர் புதியவராகவே எண்ணப்படலாம்.

என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தே வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏலத்தில் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தரலாம் என்று தீர்மானிக்கக் கிளிக் விகிதம் வேண்டும், ஏனெனில் நீங்கள் பணம் தருவது கிளிக்குக்கு. ஒரு வருகையில் பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று அறியச் செஷன் விகிதம் உதவும். நாள் கடந்து யோசித்து வாங்கும் பொருளுக்கு, வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பயனர் விகிதம் சொல்லும்.

நெசவுத்தெரு

விருப்பப் பட்டியல் பக்கத்தில் தொடங்கிய செஷன்களைப் பிரித்துப் பார்த்தேன். பிப்ரவரியின் 5,000-இல் 1,300 செஷன்கள் அந்தப் பக்கத்தில் தொடங்கியவை, அவற்றில் 12 மட்டுமே வாங்குதலில் முடிந்தன. மீதி 3,700-இல் 93 முடிந்திருக்கின்றன, அது 2.5%. ஜனவரியின் அளவே. முதலாளி பார்த்த சரிவு முழுவதும் அந்த 1,300-க்குள் இருந்திருக்கிறது.

அப்படியானால் ஏஜென்சி சொன்ன முன்னேற்றம் உண்மைதானா?

அளவீட்டுமேசை

சரிவு இல்லை என்று சொல்லலாம். முன்னேற்றம் விளம்பரத்தால் வந்ததா என்பது வேறு கேள்வி. கூகுள் ஆட்ஸ் ஒரு வாங்குதலைக் கிளிக் நடந்த தேதியில்தான் எழுதும், இயல்பு அமைப்பில் கிளிக்குக்குப் பின் 30 நாள் வரை காத்திருக்கும். நினைவூட்டலைப் பார்த்து வாங்கியவர்களும், முன்பு விளம்பரத்தைத் தொட்டவர்களாக இருந்தால், அந்த 108-க்குள் இருக்கக்கூடும். பிப்ரவரி எண்ணை எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். மார்ச் 2-இல் எடுத்திருந்தால் அது இன்னும் ஏறலாம். இரண்டு மாதங்களையும், மாதம் முடிந்து ஒரே அளவு நாட்கள் கழித்து எடுத்து ஒப்பிடுங்கள்.

அறிக்கையில் விகிதத்தை மட்டும் எழுதாமல், மேலே என்ன, கீழே என்ன, எந்த வரி, எந்தக் காலம், எந்த நாளில் எடுத்தது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். திரையில் உள்ள பெயரையும் அப்படியே குறிப்பிடுங்கள், ஏனெனில் அனலிட்டிக்ஸில் 2024-இல் கன்வெர்ஷன் என்ற சொல்லே `key event` என்று மாறியது. பழைய அறிக்கைகளைத் தேடுகிறவர் `Session key event rate` என்பதையே காண்பார்.

நெசவுத்தெரு

முதலாளிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்:

"செஷன் விகிதம் 2.1%: பிப்ரவரி 1 முதல் 28 வரை, அனலிட்டிக்ஸ் 4-இல் `google / cpc` வரியில், குறைந்தது ஒரு வாங்குதலாவது நடந்த 105 செஷன்களை மொத்தம் 5,000 செஷன்களால் வகுத்தது. ஒரு செஷனில் இரண்டு ஆர்டர்கள் இருந்தாலும் ஒன்றாகவே எண்ணப்பட்டது. ஒட்டில்லாத வாட்ஸ்அப் நினைவூட்டல்களால் வந்த சுமார் 1,300 செஷன்கள் இதில் அடங்கும். மார்ச்சிலிருந்து அவை தனி வரியில் வரும், ஆகவே மார்ச் எண்ணை இதோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம்."

அளவீட்டுமேசை

சரியாக இருக்கிறது. கிளிக் விகிதத்துக்கும் இதே போல ஒன்று எழுதுங்கள்; அதில் ஒரு கிளிக்குக்கு எல்லா ஆர்டர்களையும் எண்ணுகிறீர்களா, ஒன்றை மட்டுமா என்ற அமைப்பையும் சேருங்கள். எல்லாவற்றையும் எண்ணும் அமைப்பில் விகிதம் 100%-ஐக்கூடத் தாண்டலாம்.

நெசவுத்தெரு

எல்லாவற்றையும் எண்ணும் அமைப்பில்தான் இருக்கிறது. இன்னொன்று மட்டும் எனக்கு நெருடலாக இருக்கிறது. பயனர் விகிதம் 3.5-லிருந்து 4.0 ஆனது நினைவூட்டலாலா, அல்லது பொங்கலுக்கு வாங்கி முடித்தவர்கள் ஜனவரிப் பிற்பாதியில் வெறுமனே பார்த்துவிட்டுப் போனதால் அந்த மாதமே தாழ்ந்து தெரிந்ததா?

அளவீட்டுமேசை

இந்த எண்களை வைத்து அதைப் பிரிக்க இயலாது. பட்டியலில் சேர்ப்பவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் நினைவூட்டல் அனுப்பி, இரு பாதிகளிலும் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று மார்ச் முழுவதும் பாருங்கள். அங்கே வகுக்கும் எண் கிளிக்கும் அல்ல, செஷனும் அல்ல, பட்டியலில் சேர்த்த ஆட்கள்.