மாவு இரண்டு மடங்கு, கிரைண்டர் ஒன்றுதான்

மாவுக்கடைக்காரர்:
ஈரோட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். மாதம் 3,000 கிலோ, கிலோ 40 ரூபாய். அரிசி, உளுந்து, கரண்ட், கவர், பெட்ரோல் சேர்த்துக் கிலோவுக்கு 26 ஆகிறது. வாடகை, கிரைண்டர் தவணை, ஆள் சம்பளம் மூன்றும் 28,000. மாவு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். கடைசியில் 14,000 நிற்கும். இப்போது ஒரு கேட்டரிங்காரர் மாதம் இன்னொரு 3,000 கிலோ கேட்கிறார், ஆனால் 33 ரூபாய்க்கு. எனக்கு அடக்கமே 35க்கு மேல். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? இப்படி ஆர்டர் எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

முறுக்குப் பாட்டி பேரன்:
யோசிக்காமல் எடுங்கள் அண்ணா. வாடகை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. 33ல் 26 போனால் 7 ரூபாய், மாதம் 21,000 கூடுதல். தீபாவளிக்கு நான் விலையை இறக்கித்தான் நன்றாகச் சம்பாதித்தேன்.

தையல்கடை அக்கா:
எனக்கு நிலைமையே வேறு தம்பி. எல்லோருக்கும் பீஸ் ரேட் கூலி. ஆர்டர் மடங்கானால் கூலியும் மடங்காகும், விலையை இறக்க இடமே இல்லை. ஆனால் ஆடியில் ஆர்டர் இல்லையென்றாலும் சம்பளக் கவலை கிடையாது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
அந்த 35ல் ஒன்பது ரூபாய் சொச்சம், பழைய 3,000 கிலோவுக்குப் பங்கு போட்ட வாடகையும் சம்பளமும். புது ஆர்டர் தலையில் அதைக் கட்டக் கூடாது. பேரன் சொல்வது அதுவரை சரி. ஆனால் இருக்கிற கிரைண்டர் இன்னொரு 3,000 கிலோவைத் தாங்குமா?

மாவுக்கடைக்காரர்:
தாங்காது ஐயா. காலை ஆறு முதல் இரவு எட்டு வரை ஓடுகிறது. இன்னொரு கிரைண்டர் தவணை, ஓர் ஆள், ஒரு ஃப்ரிட்ஜ் என்று மாதம் 22,000 கூடும்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
21,000 வரவுக்கு 22,000 செலவு. விற்பனை இரட்டிப்பாகி லாபம் ஆயிரம் குறையும். அதைவிட மோசம், அவர் ஆறு மாதத்தில் போய்விட்டால் என்ன ஆகும் என்பது. இன்று 2,000 கிலோ விற்றாலே உங்கள் கைக்கு நஷ்டமில்லை. மாதச் செலவு 50,000 ஆனபின் அதே 40 ரூபாய் விலையில் கிட்டத்தட்ட 3,570 கிலோ விற்க வேண்டும். நான் கணக்கு பார்த்த எண்ணெய் மில்லில் இதுதான் நடந்தது: சீசன் ஆர்டர் நின்றது, இரண்டாவது செக்கின் தவணை நிற்கவில்லை. ஆயிரம் கிலோ மட்டும் ஒத்துக்கொண்டு, இருக்கிற ஆளுக்கு ஓவர்டைம் கொடுத்து இரவில் அரைத்துப் பாருங்கள். 7,000 வரும், ஓவர்டைம் 3,000 போனாலும் மிச்சம்தான்.

முறுக்குப் பாட்டி பேரன்:
எனக்குப் பழைய அடுப்பே போதுமானதாக இருந்தது, அதனால் ஓடியது போல. சரி, 35 கேட்டுப் பாருங்களேன்?

மாவுக்கடைக்காரர்:
35 கிடைத்தால் எல்லாம் போக 5,000 நிற்கும். கேட்கிறேன். ஆனால் அவர் பணம் தருவது முப்பது நாள் கழித்து. உளுந்துக்காரர் கையோடு கேட்கிறார். அதை யாராவது சமாளித்திருக்கிறீர்களா?