முதல் அலகு அளவுக்கேற்ப, மீதி சமமாக: மொத்தம் ஏன் கூடுதலாக வருகிறது?

பெல்லந்தூர்_ரவி
நாளைக் காலை மீட்டிங், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள். அபார்ட்மென்ட்களுக்கு எத்தனை டேங்கர் தண்ணீர் வருகிறது என்று கணக்கெடுக்கிறோம். முதல் அபார்ட்மென்டை வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பில் எடுக்கிறேன், மீதியைச் சமமாகக் குலுக்கி எடுக்கிறேன். ஒத்திகை பார்த்தால் மொத்தம் கூடுதலாகவே வருகிறது, லட்சம் தடவை ஓட்டியும் அதே கதைதான்.

மீனா_கோரமங்களா
மொத்தம் எத்தனை அபார்ட்மென்ட், அதில் எத்தனை எடுக்கிறீர்கள், வெயிட் என்ன போட்டீர்கள்? இது எதையும் சொல்லாமல் "கூடுதலாக" என்றால் என்ன செய்வது?

சரவணன்_ஆர்
கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், `sample(5, 2, prob = x)` என்று போட்டிருப்பீர்கள். இரண்டாவது அலகையும் அது அளவுக்கேற்பத்தான் எடுக்கும். எல்லோரும் விழும் குழி.

தாராவி_கண்ணன்
மும்பையில் நாங்கள் கடைகளை இப்படித்தான் எடுத்தோம், ஒரே கடை இரண்டு தடவை கூட வந்தது. மதிப்பை n-ஆலும் p-ஆலும் வகுத்தோம், கச்சிதமாக வந்தது. அதையே செய்யுங்கள் தம்பி.

பெல்லந்தூர்_ரவி
மன்னிக்கவும். ஒத்திகைக்கு 5 அபார்ட்மென்ட், 2 எடுக்கிறேன். வீடுகள் 40, 60, 100, 120, 180. டேங்கர் 6, 6, 5, 6, 7, அதாவது மொத்தம் 30. எனக்குச் சராசரியாக 35.6 வருகிறது.

```r
a <- sample(5, 1, prob = x)
b <- sample(setdiff(1:5, a), 1)
w <- sum(x) / (2 * x[c(a, b)])
```

கணக்கு_வாத்தியார்
இதைத்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். அடிப்படையைப் படிக்காமல் ஒத்திகை ஓட்டினால் இப்படித்தான். உங்கள் மூன்றாவது வரி கண்ணன் சொன்ன கணக்கேதான். எடுத்ததைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு முறையும் அளவுக்கேற்ப எடுத்தால் அது செல்லும். நீங்கள் எடுப்பது மிட்சுனோ முறை.

40 வீட்டு அபார்ட்மென்டைப் பாருங்கள். முதல் குலுக்கலில் வர வாய்ப்பு 0.08. அதில் தப்பினாலும், மீதி நாலில் ஒன்றாக வர இன்னொரு வாய்ப்பு உண்டு: 0.92-இல் கால் பங்கு, 0.23. ஆக 0.31. நீங்கள் 0.16 என்று வைத்துக்கொண்டு அதன் டேங்கரைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிவிட்டீர்கள். ஐந்துக்கும் வரிசையாக 0.31, 0.34, 0.40, 0.43, 0.52. கூட்டினால் 2 வரும், அதுதான் சரிபார்ப்பு.

```r
p <- x / sum(x)
pk <- (5-2)/(5-1) * p + (2-1)/(5-1)
w <- 1 / pk[c(a, b)]
```

மீனா_கோரமங்களா
100 வீட்டுக்கு மட்டும் இரண்டு கணக்கிலும் 0.40. சராசரி அளவு அதுதானே. அதற்குக் கீழே உள்ளவை அளவை மிஞ்சி வருகின்றன, மேலே உள்ளவை குறைவாக வருகின்றன. டேங்கர் வீடுகளுக்கு நேர் விகிதமாக இருந்திருந்தால் பழைய வெயிட்டிலும் சராசரி 30 வந்திருக்கும், தப்பே தெரிந்திருக்காது. சின்ன அபார்ட்மென்டுகள் வீட்டுக்கு அதிக டேங்கர் வாங்குவதால்தான் மாட்டியது.

சரவணன்_ஆர்
அப்படியென்றால் முதல் குலுக்கலின் p-ஐ மாற்றி 0.16, 0.24 என்றே வர வைக்கலாமே?

கணக்கு_வாத்தியார்
முடியாது. முதல் குலுக்கலில் பூஜ்யம் கொடுத்தாலும் இரண்டாவதில் கால் பங்கு வாய்ப்பு ஒட்டிக்கொள்ளும். 0.25-க்குக் கீழே போகவே முடியாது, p எதிர்மறையாகிவிடும். உங்கள் 0.16, 0.24 இரண்டுமே அடிபடும்.

தாராவி_கண்ணன்
இதை லாஹிரி முறை என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? 1951-லேயே அவர் எழுதிவிட்டார். மிட்சுனோ 1952.

கணக்கு_வாத்தியார்
லாஹிரி எடுத்த விதம் வேறு. இரண்டையும் சமமாக எடுத்து, அவற்றின் கூட்டு அளவுக்கு ஏற்ற வாய்ப்பில் ஏற்றுக்கொள், இல்லையென்றால் ஒதுக்கிவிட்டு மறுபடி எடு.

தாராவி_கண்ணன்
முடிவில் ஒரே வாய்ப்புதான் ஐயா. எந்த ஜோடிக்கும் அதன் கூட்டு அளவுக்கேற்ற வாய்ப்பு. பெயரை மட்டும் ஜப்பானுக்குக் கொடுப்பானேன்?

கணக்கு_வாத்தியார்
பெயர் சண்டைக்கு நான் வரவில்லை. அந்த ஜோடி வாய்ப்பினால்தான், மாதிரியின் டேங்கர் கூட்டுத்தொகையை வீட்டுக் கூட்டுத்தொகையால் வகுத்து 500-ஆல் பெருக்கினால், சராசரி துல்லியமாக 30 வரும். சேர்க்கை வாய்ப்பே தேவையில்லை.

மீனா_கோரமங்களா
சராசரி சரிதான், ஆனால் 40-உம் 60-உம் சேர்ந்து வந்தால் அந்த விகிதம் 60 என்று சொல்லும். இருபதில் ஒரு தடவை அப்படி நடக்கும். ரவிக்கு இருக்கப்போவது ஒரே ஒரு மாதிரி. புது வெயிட்டில் அதே ஜோடி 37 தருகிறது.

பெல்லந்தூர்_ரவி
30.0 வந்துவிட்டது. நன்றி எல்லோருக்கும். மீட்டிங்குக்கு ஸ்லைடு போடப் போகிறேன்.

மீனா_கோரமங்களா
ரவி, நிஜ லிஸ்டில் வீட்டு எண்ணிக்கை தெரியாத அபார்ட்மென்ட் ஏதாவது இருக்கிறதா? அதற்கு அளவு என்ன போட்டீர்கள்?