"அன்னைக்கே" சொல்லணுமா? 20 பேர் காத்தாடி கம்பெனிக்கு வேல்யூஸ் எழுதுற விவகாரம்

பணகுடி_காத்து:
கரண்ட் எடுக்குற காத்தாடி மிஷின்களுக்கு சர்வீஸ் பண்ற கம்பெனி, மொத்தம் 20 பேர். கன்சல்டன்ட் எழுதிக் குடுத்தது: "நேர்மை, தரம், குழு உணர்வு, வாடிக்கையாளர் மகிழ்ச்சி." இத வச்சு டெக்னீசியன் எடுக்கதும் முடிவு எடுக்கதும் எப்படின்னு தெரியல. போன திரியில ஒருத்தர் நாலையும் தூக்கிட்டு, "செய்யாத வேலைக்கு டிக் போடமாட்டோம். நம்மால மிஷின் நின்னா அன்னைக்கே அந்த மிஷின் ஓனர்ட்ட சொல்லுவோம்"னு எழுதச் சொன்னாரு. நடக்குற காரியமா?

வள்ளியூர்_வக்கீல்:
"அன்னைக்கே" என்று எழுதச் சொன்ன மகான் ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றையாவது கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறாரா? மாதத்தில் 95 சதவீத நேரம் மிஷின் தயாராக இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரத்தில் 36 மணி நேரம்தான் கையில் இருக்கிறது. ஈபி லைன் போனால் அந்த நேரம் கணக்கில் வராது. சர்வீஸ்காரன் தப்பால் நின்றால் அந்த மணிகள் அவன் தலையில். காரணம் என்னவென்று ஆராய்வதற்கு முன்பே, அன்றைக்கே, "எங்கள் தப்பு" என்று எழுதிக் கொடுப்பது வேல்யூ அல்ல. அபராதத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

கொக்கிரகுளம்:
அந்த மகான் நான்தான். ஏஎம்சி படிச்சவன்தான், கவலப்படாதீரும்.

அபராதம் வருதுங்கதாலதான் அந்த வரிக்கு மதிப்பே. எதையும் இழக்க வைக்காத வரி எந்த முடிவையும் மாத்தாது. "வாடிக்கையாளர் மகிழ்ச்சி"ன்னு எழுதினா எந்த டெக்னீசியன் என்னத்த மாத்திச் செய்வான்? மகிழ்ச்சியா இருக்கட்டும்னே பொய் சொல்லுவான்.

ஒரு கேஸ் எடுத்துப் பாப்போம். ஆடி மாசம், நல்ல காத்து. 250 கிலோவாட் பழைய மிஷின். காலையில சர்வீஸ் பண்ணிட்டு நம்ம பையன் ஹைட்ராலிக் ஹோஸ் நட்டை முழுசா இறுக்காம இறங்கிட்டான். எண்ணெய் கசிஞ்சு, பிரஷர் இறங்கி, சாயங்காலம் மிஷின் தானா நின்னுட்டு. ராத்திரி ஏற முடியல. 10 மணி நேரம் நின்னா, முழுக் காத்துக்கு அதிகபட்சம் 2,500 யூனிட் போச்சு. யூனிட்டுக்கு 3 ரூபான்னு வச்சுக்கிட்டா 7,500 ரூபா. அந்த நேரம் சூப்பர்வைசர் முன்னால ரெண்டு வழி இருக்கு. லாக் புக்குல "கிரிட் ட்ரிப்"னு, அதாவது ஈபி லைன் போச்சுன்னு எழுதலாம், அப்ப அந்த மணி நேரம் நம்ம கணக்குல வராது. இல்லன்னா ஓனருக்குப் போன் போட்டு உள்ளத சொல்லலாம். "நேர்மை"ன்னு சுவத்துல ஒட்டியிருக்க கம்பெனியில அவன் முதலாளி மூஞ்சியத்தான் பாப்பான். "அன்னைக்கே"ன்னு எழுதியிருக்க இடத்துல முதலாளியக் கேக்காமலே போன் போடுவான். வித்தியாசம் அம்புட்டுதான்.

இன்னொண்ணு. மிஷினுக்குள்ள இருக்க கன்ட்ரோலர் தன் எரர் லாகுல "பிரஷர் குறைவு"ன்னு நேரத்தோட பதிஞ்சு வச்சிருக்கும். ஓனர் வேற ஆள விட்டுப் பாத்தா "கிரிட் ட்ரிப்" சந்தி சிரிச்சிரும்.

பாலத்தடி:
வந்துட்டாரு வே கொக்கிரகுளம். போன வருஷம் ஷிப்ட் அலவன்ஸ் திரியில 40 பதிவு போட்டு எல்லாத்தையும் தூங்க வச்ச அதே அண்ணாச்சி.

அமெரிக்க எனர்ஜி கம்பெனி என்ரானோட 2000-த்து ஆண்டறிக்கையில மரியாதை, நேர்மை, பேச்சுத் தொடர்பு, சிறப்புன்னு நாலும் ஜம்முன்னு இருந்துச்சு. 2001 டிசம்பர்ல கம்பெனி திவால். எழுதுறதெல்லாம் அல்வா. எழுதுன காகிதம் ஆளத் திருத்தாது.

கொக்கிரகுளம்:
என்ரான் எழுதினது நாலு வெறும் வார்த்த. நான் எழுதச் சொன்னது ரெண்டு செயல். செஞ்சானா செய்யலையான்னு மறுநாளே பாத்துரலாம். ஷிப்ட் அலவன்ஸ் கணக்குல நீரு தோத்தது தனிக் கதை, அத இங்கன இழுக்காதீரும்.

பணகுடித் தம்பிக்கு எழுதுற முறை சொல்லுதேன். போன ரெண்டு வருஷத்துல கம்பெனிய உலுக்கின 10 முடிவ எடுத்து ஒண்ணொண்ணையும் தனித்தனித் தாள்ல எழுதுங்க. என்னென்ன வழி இருந்துச்சு, எதுல போனோம், அதனால பணமோ ஆளோ ஒப்பந்தமோ என்ன போச்சு. ஆசைப்படுறத எழுதக் கூடாது, ஏற்கெனவே விலை குடுத்தத மட்டும் எழுதணும். தாள்களத் தரையில பரப்பினா ரெண்டு மூணு குவியலா சேரும். குவியலுக்கு ஒரு வரி. எந்தக் குவியல்லயும் சேராதத விட்டுருங்க.

அப்புறம் அந்த வரிய சோதிக்கணும். இனி வரப்போற மூணு சிக்கல எழுதி ரெண்டு சூப்பர்வைசர்ட்ட தனித்தனியா குடுங்க, பேசிக்க விடாதீங்க. ரெண்டு பேரும் வேற வேற முடிவு சொன்னா வரி தொளதொளன்னு இருக்குன்னு அர்த்தம், திருத்தி எழுதணும். வரி இல்லாமலே ரெண்டு பேரும் அதே முடிவத்தான் சொல்லியிருப்பாங்கன்னா அந்த வரியே தேவையில்ல. "உடனுக்குடன் சொல்லுவோம்"னு எழுதினா ஒருத்தர் மறுநாளும்பார், ஒருத்தர் மாசக் கடைசி ரிப்போர்ட்டும்பார். அதனாலதான் "அன்னைக்கே".

கல்லிடை_அப்பளம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பள யூனிட்ல 22 பெண்கள். நாங்களும் வேல்யூஸ் போர்டு வைக்கலாம்னு இருக்கோம். ஃப்ளெக்ஸ் மழைக்கு நிக்குமா, கிரானைட்ல வெட்டுனா நல்லதா? எங்ககிட்டயும் ஒரு பிரச்சினை உண்டு. உடைஞ்ச அப்பளத்த கட்டுக்கு அடியில வச்சுக் கட்டிருதாவ. எண்ணிக்கைக்குக் கூலி, அதான் காரணம்.

பாலத்தடி:
அம்மா, இங்கன போர்டு விலை பேசல. ஆனா நீங்க ஒரே வரியில சொன்னத கொக்கிரகுளம் அண்ணாச்சி மூணு முழத்துக்குச் சொல்லல. எண்ணிக்கைக்குக் கூலி குடுத்தா உடைஞ்சது அடிக்குத்தான் போகும். காத்தாடி கம்பெனியில போனஸ் எதுக்கு? மிஷின் ஓடுன சதவீதத்துக்கு. எவன் "அன்னைக்கே" வாயத் தொறப்பான்?

கொக்கிரகுளம்:
அத அடுத்து சொல்லத்தான் இருந்தேன்.

பாலத்தடி:
ஆமாமா. இருந்தீரு.

கொக்கிரகுளம்:
நம்ம தப்புன்னு அன்னைக்கே சொல்லிட்டா அந்த மணி நேரத்த டெக்னீசியன் போனஸ் கணக்குல இருந்து எடுத்துரணும். ஓனருக்கு உள்ள அபராதத்த கம்பெனி தாங்கணும், பையன் சம்பளத்துல கை வைக்கக் கூடாது. மறைச்சு பின்னால தெரிய வந்தா ரெண்டு மடங்கா கழிக்கணும். இத மாத்தாம மேல சொன்ன வரிய எழுதினா, உண்மையச் சொன்னவன் காசு இழப்பான், மறைச்சவன் வாங்கிட்டுப் போவான். மூணு மாசத்துல எல்லாவனும் கணக்குப் புரிஞ்சுக்கிடுவான்.

வள்ளியூர்_வக்கீல்:
மறுபடியும் "அன்னைக்கே". நிறுத்த மாட்டீர்களா? அன்றைக்குத் தெரிவது அறிகுறி மட்டும். எண்ணெய் கசிந்தது ஹோஸ் நட்டாலா, பழைய சீல் தேய்ந்ததாலா என்று மேலே ஏறிப் பார்த்தால்தான் தெரியும். சீல் என்றால் ஓனர் வாங்கித் தராத பாகம், தப்பு அவர் பக்கம். 48 மணி நேரம் என்று எழுதுங்கள்.

கொக்கிரகுளம்:
பாத்தத அன்னைக்கே சொல்லுங்க, காரணத்த பாத்துட்டு சொல்லுங்க. "சர்வீஸ் முடிஞ்சு 6 மணி நேரத்துல பிரஷர் இறங்கி நின்னுட்டு, காலையில ஏறிப் பாக்கோம்." இதுல எந்த ஒப்புதல் இருக்கு? 48 மணி நேரம் குடுத்தா முதல் 47 மணி நேரம் கதை யோசிக்கத்தான் போகும்.

வள்ளியூர்_வக்கீல்:
"சர்வீஸ் முடிஞ்சு" என்ற வார்த்தையிலேயே ஒப்புதல் இருக்கிறது. ஓனர் தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் படிப்பார்.

பணகுடி_காத்து:
அண்ணாச்சிகளா, ஆள் எடுக்கதப் பத்தி ஒருத்தரும் சொல்லலையே.

கொக்கிரகுளம்:
சொல்லுதேன். "நீ நேர்மையானவனா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்பான், அந்தக் கேள்வியே வேண்டாம். பேட்டை ஐடிஐ பையனோ அனுபவஸ்தனோ, நின்ன மிஷின் அடியில கூட்டிட்டுப் போயி 12 வரி உள்ள சர்வீஸ் சீட்டக் குடுங்க. 40 நிமிஷம். வேலையெல்லாம் தரையிலயே, டவர் அடி போல்ட்டும் பேனலும் மட்டும். அதுல ரெண்டு வரி செய்ய முடியாததா இருக்கணும். போல்ட்ட அளவா இறுக்குற டார்க் ரெஞ்சுல காலிபரேஷன் ஸ்டிக்கர் தேதி முடிஞ்சது வைங்க. ரெண்டு இடத்துக்கு கிரீஸ் போடச் சொல்லிட்டு ஒரு இடத்துக்கு உள்ளத மட்டும் குடுங்க.

கையெழுத்துப் போடும் முன்னால நிறுத்திச் சொன்னா 4 மார்க். அந்த வரிய காலியா விட்டு, கேட்டப்ப சொன்னா 3. காலியா விட்டு மழுப்பினா 2. டிக் போட்டுட்டா 1. 1 வாங்கினவன் எத்தன வருஷ அனுபவம்னாலும் வேண்டாம். பாக்குற ரெண்டு பேரும் பேசிக்கிறதுக்கு முன்னாலயே மார்க்க எழுதிரணும், இல்லன்னா மூத்தவர் சொல்லுததுதான் ரெண்டு பேர் மார்க்கும். எல்லாருக்கும் அதே சீட்டு, அதே ரெஞ்சு.

வள்ளியூர்_வக்கீல்:
இது பொறி. 19 வயதுப் பையன் எதிரில் ரெண்டு பெரியவர்கள் நிற்கும்போது "இந்த ரெஞ்ச் சரியில்லை சார்" என்று சொல்வானா? பயத்தில் டிக் போடுவான். நீங்கள் அளப்பது கூச்சத்தை.

கொக்கிரகுளம்:
தொடங்கும்போதே "முடியாதது இருந்தா எழுதலாம், மார்க் குறையாது"ன்னு வாய் விட்டுச் சொல்லணும். அதுக்கு மேலயும் டிக் போட்டா, ஓனர் பக்கத்துல நிக்கும்போதும் போடத்தான் செய்வான்.

பாலத்தடி:
மார்க்கெல்லாம் போட்டுட்டு கடைசியில "நம்ம கம்பெனிக்கு ஒத்துவருவான்"னு ஒரு வாக்கியம் சேப்பாவ பாரும். இந்த ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாத்துக்கும் தெரியும். எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு மவன். வேல்யூஸ்ங்கிறது அதுக்கு ஒரு நல்ல சட்டை.

கொக்கிரகுளம்:
அது உண்மைதான்னாலும் அந்தக் குத்தம் சீட்டு மேல இல்ல. மார்க் தாள்ல அவன் என்ன செஞ்சாங்கிறது மட்டும் இருக்கணும், எப்படிப்பட்டவங்கிறது வரவே கூடாது. "ஒத்துவருவான்"னு எழுதினா தாளக் கிழிச்சுட்டு மறுபடி எழுதச் சொல்லணும்.

பாலத்தடி:
கிழிக்கது யாரு? முதலாளியோட மச்சானா?

பணகுடி_காத்து:
இன்னொரு கேள்வி. உடுமலைப் பக்கம் 30 மிஷின் ஒப்பந்தம் வருது. மிஷன் ஸ்டேட்மென்ட்ல அத எப்படி எழுத?

கொக்கிரகுளம்:
யாருக்கு வேலை செய்யமாட்டோம்னு மிஷன் ஸ்டேட்மென்ட்ல தெரியணும். "பணகுடி, ராதாபுரம், வள்ளியூர் பக்கம் வண்டி ஒரு மணி நேரத்துல சேரக்கூடிய பழைய சின்ன மிஷின்கள ஓட வைக்கோம்"னு எழுதினா உடுமலை வேண்டாம்னு வரியே சொல்லிரும். 20 பேருல 12 பேர் டெக்னீசியன்னு வைங்க, ஆறு ஜோடி. ரெண்டு ஜோடிய அங்கன அனுப்பினா ஆடிக் காத்துல இங்க நாலுதான் மிச்சம். அந்த ஒப்பந்தம் கண்டிப்பா வேணும்னா வரிய மாத்துங்க. வரிய வச்சுக்கிட்டே ஒப்பந்தத்தையும் எடுத்தா அடுத்த வாட்டி எவனும் நம்பமாட்டான்.

வள்ளியூர்_வக்கீல்:
மிஷன் ஸ்டேட்மென்டுக்குள் வண்டி ஓடும் நேரம். நாளை டோல்கேட் கட்டணமும் வரும். அது கிடக்கட்டும். இரவு 11 மணிக்கு மிஷின் நின்றால் "அன்னைக்கே" என்பது எதுவரை? 12 மணிக்கா, விடியும் வரையா? எழுதும்போதே ஓட்டை.

கொக்கிரகுளம்:
ராத்திரி 8 மணிக்கு மேல தெரிஞ்சா மறுநாள் காலை 8 மணிக்குள்ள. எழுதிக்கிடும்.

வள்ளியூர்_வக்கீல்:
அப்படியானால் அது "அன்னைக்கே" அல்ல. மறுநாள். நான் முதலிலேயே சொன்னேன்.

கொக்கிரகுளம்:
நீரு சொன்னது 48 மணி நேரம் வே. மேல போயி வாசியும்.

கல்லிடை_அப்பளம்:
கிரானைட்டுக்கு எழுத்துக் கணக்கா, சதுர அடிக் கணக்கா?