மனேஜர்ட மச்சான் சுப்பர்வைசர் ஆகிட்டார், என்ன செய்யலாம்?

வணக்கம், பேர் போடாம கேக்கிறன். உப்புவெளி பக்கம் ஒரு ஹோட்டல்ல 6 வருசமா ரிசெப்ஷன்ல நிக்கிறன். போன மாசம் மனேஜர் தன்ட மனுசிட தம்பிய ஃப்ரண்ட் ஒஃபிஸ் சுப்பர்வைசரா போட்டுட்டார், நோட்டீசும் இல்ல இன்டர்வியூவும் இல்ல. அவருக்கு பில் க்ளோஸ் பண்ணவே தெரியாது, போன சனிக்கிழமை ஒரே ரூமை ரெண்டு குடும்பத்துக்கு குடுத்துட்டு சமாளிக்க என்னை அனுப்பினவர்.

பதவி போனா போகட்டும், சேர்விஸ் சார்ஜ்தான் வயித்தெரிச்சல். எங்கட இடத்துல அத பொயின்ட் கணக்கில பிரிக்கிறது, எனக்கு 5, அவருக்கு 9. சேர்ற காசு ஒண்டுதான், அவர்ட பொயின்ட் கூடக்கூட மற்ற எல்லாரிட பொயின்ட்டுக்கும் விழுற காசு குறையும். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல, அவர் வந்தா டீ ரூம் கப்சிப், முந்தி ஆள் இல்லாட்டி நிண்டு குடுத்த பெடியள் இப்ப டியூட்டி முடிஞ்ச கையோட பைக்கை எடுக்கிறாங்கள்.

சீசன் முடியுமட்டும் வேலைய விட ஏலாது. சொந்தக்காரன் கதைய எடுக்காம, பொயின்ட் எப்பிடி போட்டதெண்டு மட்டும் ஓனருக்கு கடிதமா கேக்கலாம் எண்டு யோசிக்கிறன். நான் தனிய எழுதுறதா, எல்லாரும் சேர்ந்து கையெழுத்து வைக்கிறதா? ஹோட்டல் லைன்ல இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.