"கொஞ்சம் பேசணும்" என்று முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்பினால் என்ன பதில் சொல்கிறீர்கள்?

செக்குக்காரர், காங்கேயம்
மரச்செக்கு எண்ணெய் தொழிலில் இருக்கிறேன். "அண்ணா, உங்க பிசினஸ் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ஃப்ரீயா இருந்தா கால் பண்றேன்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது. நான் போனை எடுப்பதும் இல்லை, முடியாது என்பதும் இல்லை. வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பதிலைச் சேமித்து வைத்திருக்கிறேன்:

"வணக்கம். நீங்கள் யார், இப்போது என்ன செய்கிறீர்கள், எந்த இடத்தில் சிக்கல்? என்னிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். எழுத்திலேயே பதில் சொல்கிறேன். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் நேரம் சொல்கிறேன்."

பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். எழுதுகிறவர்களுக்கு நிஜமாகவே தேவை இருக்கும். உங்கள் வழி என்ன?

ஐடி ஊழியர், சென்னை
பதிலே போடாதீர்கள். "ஒரு நல்ல வாய்ப்பு, பேசலாமா" என்று எனக்கு வந்ததெல்லாம் கடைசியில் ஆள் சேர்க்கும் வியாபாரம்தான். விஷயத்தை எழுத்தில் சொல்லாதவரை நம்பவே கூடாது.

செக்குக்காரர், காங்கேயம்
அப்படியும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எழுதத் தெரியாமல் பொத்தாம்பொதுவாகக் கேட்கிறவர்களும் உண்டு. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பியின் முதல் மெசேஜ் "தொழில் பத்தி பேசணும் அண்ணா" என்பதுதான். என் பதிலைப் பார்த்ததும், "100 கிலோ கடலைப் பருப்புக்கு 36 லிட்டர்தான் வருகிறது. செக்கு சரியில்லையா?" என்று எழுதினார். இதைப் போனில் கேட்டிருந்தால் அரை மணி நேரம் மானியம், லேபிள் என்று எங்கெங்கோ சுற்றியிருப்போம்.

முதலில் லிட்டரைக் கிலோவாக்கச் சொன்னேன். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். அப்படியானால் அவருக்குக் கிடைத்தது 33 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நல்ல பருப்பு என்றால் எங்கள் செக்கில் 40 கிலோவை ஒட்டி வரும். புண்ணாக்கைக் கையில் பிசைந்து படம் அனுப்பச் சொன்னேன். விரல் முழுக்க எண்ணெய் மினுங்கியது. எண்ணெய் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. பருப்பு எப்போது வாங்கியது என்றேன். மழைக்காலத்தில் வந்த புது வரத்து, காய வைக்காமல் ஆட்டியிருக்கிறார். அதே மூட்டையில் கொஞ்சத்தை நன்றாக வெயிலில் உலர்த்தி ஆட்டி, எடை போட்டுப் பார்க்கச் சொன்னேன். எண்ணெய் கூடினால் ஈரம்தான் காரணம். கூடாவிட்டால் உலக்கையைப் பார்க்க வேண்டும். கூடியது.

பருப்பு தரும் வியாபாரி யார், என்ன விலை என்றும் கேட்டார். "அதைச் சொல்ல மாட்டேன் தம்பி" என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாணவி, மதுரை
நான் அனுப்பும் பக்கம் இருப்பவள். ஃபுட் டெக்னாலஜி முடிக்கப் போகிறேன். வேலை கேட்டால் விரட்டிவிடுவார்கள் என்று பயந்துதான் "உங்கள் அனுபவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று எழுதுகிறேன். யாரும் பதில் போடுவதில்லை. அண்ணா, உங்கள் யூனிட்டில் ஆள் எடுக்கிறீர்களா?

செக்குக்காரர், காங்கேயம்
இப்போது இடம் இல்லைம்மா. ஆனால் இந்தக் கடைசி வரியையே முதல் வரியாக எழுதுங்கள். வேலை கேட்பது தப்பே இல்லை, இல்லை என்று சொல்லவும் எங்களுக்கு எளிது.

வாகன உதிரிபாகத் துறை, ஓசூர்
வேறொரு வகையையும் கவனியுங்கள். "உங்கள் துறை பற்றி ஒரு மணி நேரம் பேசினால் பணம் தருகிறோம்" என்று லிங்க்டுஇன்னில் வரும். முதலீட்டு நிறுவனங்களுக்காகத் துறை ஆட்களைப் பிடித்துத் தரும் இடைத்தரகர்கள் அவர்கள். அந்தத் தொழில் சட்டப்படி நடப்பதுதான். பேச்சு பொதுவாகத்தான் ஆரம்பிக்கும். போகப் போக அடுத்த காலாண்டு ஆர்டர் எவ்வளவு, எந்த சப்ளையரை மாற்றுகிறீர்கள் என்று இறங்கும். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தின் வெளிவராத தகவலைச் சொன்னால் வேலை போவதோடு நிற்காது, செபி விதிகள் வரைக்கும் போகும். நான் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவேன். அதை மேலதிகாரியிடம் காட்டி, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் பேசுவேன். அனுமதி கிடைக்காவிட்டால் முடியாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன்.

ஐடி ஊழியர், சென்னை
சரி, முதலில் கேள்வியை எழுதச் சொல்வது எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிறது போல. ஆனால் அண்ணா, இவ்வளவும் இலவசமாகவா? ஒரு தொகை வைத்தால் வேண்டாதவர்கள் தானாக விலகுவார்களே.

செக்குக்காரர், காங்கேயம்
யூனிட் போடப் போகிறவர் நேரில் வந்து முழு நாள் கற்றுக்கொண்டால் வாங்குகிறேன். மெசேஜுக்கு வாங்க மனம் வரவில்லை. விழுப்புரம் தம்பியிடம் முதலிலேயே பணம் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியையே எழுதியிருக்க மாட்டார்.

வாகன உதிரிபாகத் துறை, ஓசூர்
இதில் நான் ஐடி நண்பர் பக்கம். இரண்டாவது கேள்வியிலிருந்து கட்டணம் வைக்கலாம்.