எட்டு வாரமும் “இல்லை”: உளச்சிகிச்சை ஆய்வில் பாதிப்புகளைப் பதிவுசெய்த அனுபவம்

தேக்காக் குருவி

சிங்கப்பூரில் மனச்சோர்வுக்கான ஒரு குழுச் சிகிச்சை ஆய்வில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. தமிழில் பேச விரும்பும் நடுத்தர வயதினர் 60 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, 30 பேருக்கு வாரம் ஒருமுறை எட்டு வாரம் சிகிச்சை கொடுத்தோம். மற்ற 30 பேர் வழக்கமான மருத்துவத்தோடு காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள்.

ஒவ்வோர் அமர்வு முடிந்ததும் சிகிச்சையாளர் ஒரு படிவம் நிரப்புவார். கடைசி வரி: “பாதக நிகழ்வு ஏதேனும் உண்டா?” எட்டு வாரமும் “இல்லை”. கோப்பை மூடப்போகும்போது ஒன்று உறுத்தியது. சிகிச்சைக் குழுவில் ஏழு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். ஏழு பேருக்கும் காரணம் “நேரமில்லை”. ஏழு பேருக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தால், யாரையும் கேட்காமலே எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

தொலைபேசியில் அழைத்தேன். நான்கு பேருக்கு உண்மையிலேயே நேரமில்லை. மற்ற மூவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஓர் அக்கா மூன்றாம் அமர்வில் தம் திருமண வாழ்க்கையைப் பற்றி மனம்விட்டுப் பேசியிருக்கிறார். அதே குழுவில் இருந்த ஒருவர் இரண்டு புளோக் தள்ளிக் குடியிருப்பவர். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், அறிமுகமே இல்லாத ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் கேள்விப்பட்டேன், இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்று விசாரித்திருக்கிறார். அக்கா அதன் பிறகு குழுவுக்கும் வரவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. மூன்று வாரம் தூக்கமில்லை.

இன்னோர் அண்ணனுக்கு வீட்டுப்பாடம்: மனத்தில் இருப்பதை மனைவியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னார். இரண்டு வாரம் ஈசூனில் தம்பி வீட்டில் படுத்துக்கொண்டார். மூன்றாமவர், மற்றவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டுப் பாரம் கூடிப்போய், நிறுத்தியிருந்த தூக்க மாத்திரையைப் பலதுறை மருந்தகத்தில் மீண்டும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்.

இவை பாதக நிகழ்வுகளா? இப்படி எதையாவது பதிவுசெய்த அனுபவம் இங்கு யாருக்கேனும் உண்டா?

துவாஸ் சேகர்

பத்து ஆண்டுகளாக மருந்து ஆய்வுகளில் கண்காணிப்பு வேலை செய்கிறேன். விதி தெளிவாக இருக்கிறது. மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனைச் சேர்க்கை, நிலையான ஊனம் போன்றவைதான் கடுமையான பாதக நிகழ்வு. உடனே தெரிவிக்க வேண்டும். உங்கள் மூவரில் யாரும் வார்டில் சேரவில்லை. மேலும், சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவச் சோதனை விதிகள் மருந்துப் பொருள்களுக்கானவை, பேச்சுக்கு அல்ல. கணவன் மனைவி சண்டையை எல்லாம் எழுதினால் கோப்பு வைக்க இடம் இருக்காது, தங்கையே. விடுங்கள்.

ஓய்வுபெற்ற எண்காரர்

சேகர் சொன்னதில் பாதி சரி. எதை உடனே தெரிவிப்பது என்பதற்கு அவர் சொன்ன பட்டியல் பொருந்தும். எதைப் பதிவுசெய்வது என்பதற்கு அது அளவுகோல் அல்ல. மருந்து ஆய்வில் தலைவலியைக்கூட எழுதுகிறீர்களே, சேகர்? அங்கே தலைவலிக்குக் கட்டம் இருக்கிறது, இங்கே தம்பி வீட்டில் படுத்ததற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. மருந்து விதி பேச்சுக்குப் பொருந்தாவிட்டாலும், ஆய்வுக்கு ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழு இருக்கிறது.

நான் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். உளச்சிகிச்சை ஆய்வு வந்தால் பாதிப்புகளுக்கான பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். 2014இல் வெளிவந்த ஓர் அலசல் 132 உளச்சிகிச்சை ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. பாதிப்புகளைக் கண்காணித்ததற்கான அடையாளம் 28இல் மட்டும் இருந்தது. என்ன நடந்தது, அதை எப்படிச் சேகரித்தோம் என்று இரண்டையும் எழுதியவை நான்கே நான்கு.

உங்கள் படிவத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. “ஏதாவது நடந்ததா?” என்பது ஒன்று, “அது சிகிச்சையால் வந்ததா?” என்பது வேறு. சிகிச்சையாளர் இரண்டாவதற்கு மனத்துக்குள் “இல்லை” என்று தீர்ப்பளித்துவிட்டு, அதையே முதல் கேள்விக்கு விடையாக எழுதியிருக்கிறார். முதலில் நடந்ததையெல்லாம் எழுதுங்கள். தொடர்பு உண்டா என்பதைப் பிறகு, யார் எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் பார்க்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். காத்திருப்புப் பட்டியலில் இருந்த 30 பேரை யார், எப்போது கேட்டார்கள்?

புளோக் 214

எனக்கும் இப்படித்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் மின்தூக்கியில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு பதினொரு மாடியும் படிதான். கவுன்சலிங் போனேன். அந்தப் பெண் என்னை வாராவாரம் மின்தூக்கிக்குள் நிற்கவைத்தார். இரண்டாம் வாரம் வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, அவரைத் திட்டிவிட்டு வந்தேன். என் மனைவி புகார் கொடுக்கச் சொன்னாள். புகார் எங்கே கொடுப்பது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்? நான் கொடுக்கவில்லை. ஏழாம் வாரம் தனியாக மேலே போனேன். இப்போது மார்க்கெட் பையோடு மின்தூக்கியில்தான் போகிறேன்.

தேக்காக் குருவி

புகார் பற்றியதில்லை ஐயா, ஆனால் நீங்கள் சொன்னது இன்னும் சிக்கலான இடத்தைத் தொடுகிறது. அந்த வாந்தியை நான் எழுத வேண்டுமா?

எண்காரர் ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியைப் படித்ததும் வயிறு கலங்கியது. காத்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அமர்வு இல்லை, அதனால் படிவமும் இல்லை. எட்டாம் வாரம் மனச்சோர்வு வினாத்தாளை மட்டும் நிரப்பிக் கொடுத்தார்கள்.

செம்பவாங் மழை

நான் சிகிச்சையாளர். நீங்கள் எல்லோரும் எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அழுவது பாதிப்பு இல்லை. மின்தூக்கியில் பயம் ஏறித்தான் இறங்கும், அதுதான் சிகிச்சை. வாரந்தோறும் “மோசமாகிவிட்டீர்களா?” என்று கேட்டால், நன்றாக இருப்பவருக்கும் சந்தேகம் முளைக்கும். உண்மையில் மோசமாகிறவரை எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாதா?

ஓய்வுபெற்ற எண்காரர்

தெரியாது, அம்மா. இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும். 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 550 பேரில் யார் மோசமாவார்கள் என்று சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னார்கள். மோசமானவர்கள் 40 பேர். சிகிச்சையாளர்கள் மூவரைச் சுட்டினார்கள், அதில் சரியானது ஒன்று. தங்கள் வேலையில் நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் சிகிச்சையாளர் ஆகமாட்டார்கள். அந்த நம்பிக்கையே இங்கே கண்ணை மறைக்கிறது.

மின்தூக்கி வாந்தியைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அதை “எதிர்பார்க்கப்பட்டது” என்று ஆய்வு தொடங்கும் முன்பே திட்டத்தில் எழுதி, எத்தனை நாள் நீடித்தால் அது பாதிப்பு என்றும் எழுதிவைக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் எல்லாமே எதிர்பார்க்கப்பட்டதாகிவிடும். தீக்காயம் பட்டவர்களைச் சில நாள்களில் ஓர் அமர்வில் நடந்ததை விரிவாகப் பேசவைத்த ஆய்வு 1997இல் வந்தது. பேசும்போது வலிப்பது இயல்பு என்று சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 13 மாதம் கழித்தும் பார்த்தார்கள். பேசவைத்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய். பேசவைக்காதவர்களில் 9 விழுக்காடு. பேசவைத்தவர்களின் காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், 13ஆம் மாதத்தில் கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

குருவி, இப்போதுள்ள நிலையில் உங்கள் கணக்கு சிகிச்சைக் குழுவில் மூன்று, காத்திருந்தவர்களில் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் கேட்காததால் வந்தது. அப்படியே அச்சிட்டால் உங்கள் சிகிச்சைக்கே அநியாயம். நெறிமுறைக் குழுவிடம் ஆய்வுத் திட்டத்தில் ஒரு திருத்தத்துக்கு அனுமதி கேட்டு, 60 பேரையும் ஒரே கேள்வியால், ஒரே ஆள், ஒரே காலத்தைப் பற்றிக் கேளுங்கள். அதுபோக, நின்றுபோனவர்களை அழைக்க ஒப்புதல் இருந்ததா?

பொங்கோல் பாட்டி

மனநலத் தாதியாக இருந்தவள் நான். ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். அந்த மனச்சோர்வு வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. நான் உதவிய ஓர் ஆய்வில் வெள்ளிக்கிழமை மாலை நிரப்பிய தாள்களை உறையில் போட்டு, திங்கட்கிழமைதான் பிரித்தார்கள். அதில் ஒருவர் “ஏறக்குறைய தினமும்” என்று வட்டமிட்டிருந்தார். நல்லவேளை, உயிரோடு இருந்தார். அதன் பிறகு தாளை வாங்கும் கையே அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்ட வேண்டும் என்று ஆக்கினோம்.

வயதானவர்கள் அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்வார்கள். தற்கொலை முயற்சி குற்றமில்லை என்று 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டம் மாறிவிட்டது. போலீஸ் வருமோ என்று இன்னமும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

தேக்காக் குருவி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஒப்புதல் படிவத்தில் “சிகிச்சையிலிருந்து விலகலாம்” என்பதும் “தொடர்புகொள்வதை நிறுத்தலாம்” என்பதும் தனித்தனியாக இருந்தன. எழுவரும் முதலாவதைத்தான் செய்திருந்தார்கள். தப்பித்தேன். திருத்தத்துக்கும் அனுமதி கிடைத்தது.

“பாதக நிகழ்வு” என்று கேட்டால் எல்லோரும் “அப்படி ஒன்றும் இல்லையம்மா” என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் பஸ் விபத்துதான் நினைவுக்கு வருகிறது போலும். பிறகு இப்படி மாற்றினேன்: “இந்த எட்டு வாரத்தில் தூக்கம், வீட்டு உறவு, வேலை, குடி, மருந்து இவற்றில் எதுவாவது முன்பைவிட மோசமானதா? எத்தனை நாள்?” அதன் பிறகுதான் பேசினார்கள்.

54 பேர் கிடைத்தார்கள். சிகிச்சைக் குழுவில் ஒன்பது பேருக்கு ஏதோ ஒன்று மோசமாகியிருந்தது. காத்திருந்தவர்களில் எட்டு பேருக்கு. அந்த எட்டில் ஒருவர் மாத்திரைகளை விழுங்கி இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்திருக்கிறார். எங்கள் யாருக்குமே தெரியாது. சிகிச்சையே பெறாதவருக்குப் பாதக நிகழ்வு எப்படி என்று நினைத்ததன் பலன் அது. அன்றே நெறிமுறைக் குழுவுக்கு எழுதினோம். இரண்டு மாதம் தாமதம் என்பதையும் எழுதினோம்.

வினாத்தாள் மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பார்த்தேன். சிகிச்சை முடித்த 23 பேரின் சராசரி 14இலிருந்து 9க்கு இறங்கியிருக்கிறது. எங்கள் தலைவர் மகிழ்ந்த எண் அது. அந்த 23 பேருக்குள் இருவருக்கு ஐந்து புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. சராசரிக்குள் அவர்கள் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

துவாஸ் சேகர்

அந்த இரண்டு இரவு சேர்க்கை என் பட்டியலில் இருப்பது. அதையே தவறவிட்டிருக்கிறீர்கள். சரி, நான் “விடுங்கள்” என்று சொன்னதும் தவறுதான். ஆனால் எட்டு வாரத்தை நினைவிலிருந்து கேட்டால் எவ்வளவு நம்புவது?

ஓய்வுபெற்ற எண்காரர்

குறைவாகத்தான். இரு பக்கமும் ஒரே அளவு குறைவு என்பது மட்டும் ஆறுதல். அதுகூட முழு உண்மை இல்லை. சிகிச்சை பெற்றவருக்கு நன்றிக்கடன் உண்டு, வாயை அடக்கிக்கொள்வார். எப்படிக் கேட்டோம், எப்போது கேட்டோம் என்பதைக் கட்டுரையில் அப்படியே எழுதிவிடுங்கள்.

செம்பவாங் மழை

கேட்பதால் சந்தேகம் முளைக்கிறது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கோயில் விஷயம் என் குழுவில் நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது என்பதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தேக்காக் குருவி

அந்த அக்காவிடம் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்கள், கோயில் என்று எழுதாதீர்கள்” என்றார். சிங்கப்பூரில் தமிழில் நடந்த குழு, 30 பேர். “மூன்றாம் அமர்வில் பேசியது வெளியே கசிந்தது” என்று எழுதினாலே குழுவில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். அட்டவணையில் இப்போது இப்படி இருக்கிறது: “குழுவின் இரகசியம் மீறப்பட்டது: 1.” அமர்வு எண் இல்லை, பெண்ணா ஆணா என்றும் இல்லை. இதற்கு மேல் எதை எடுத்தாலும் அது என்னவென்றே யாருக்கும் புரியாது. பாட்டி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பொங்கோல் பாட்டி

அந்த வரியை அச்சுக்கு அனுப்பும் முன் அவளிடம் ஒருமுறை வாசித்துக் காட்டு.