சொல் தேவை: 'எம்டிஎம்' தமிழில் எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து:
முன்பேர வணிகம் பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். எம்டிஎம், அதாவது 'மார்க் டு மார்க்கெட்' என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். 'சந்தைக்குக் குறித்தல்' என்று ஓரிடத்தில் பார்த்தேன். ஏதோ முகூர்த்தம் குறித்த மாதிரி இருக்கிறது. வேறு சொல் உண்டா?

இராயபுரத்திலிருந்து:
'சந்தை மதிப்பீடு' போதுமே. அன்றைய விலையில் கணக்குப் பார்க்கிறோம், அவ்வளவுதான். விற்காதவரை நட்டம் காகிதத்தில்தானே?

சவுகார்பேட்டையிலிருந்து:
கையிலிருக்கும் பங்குக்கு அது சரி ஐயா. முன்பேரத்தில் பணம் அன்றன்றைக்கே போய்விடும். நான் தரகர் அலுவலகத்தில் தினமும் பார்க்கிற கணக்கு இது. தங்க மினி என்ற முன்பேர ஒப்பந்தத்தில் ஒரு லாட் 100 கிராம், விலை சொல்வது 10 கிராமுக்கு. அதனால் விலை ஒரு ரூபாய் அசைந்தால் கணக்கில் பத்து ரூபாய் அசையும். 70,000-க்கு வாங்கினீர்கள், மார்ஜின் 80,000 கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் முடிவு விலை 69,400. உடனே 6,000 கழிந்து இருப்பு 74,000. மறுநாள் 69,700. வாங்கிய விலைக்கு இன்னும் கீழேதான், ஆனாலும் 3,000 வரவாகி இருப்பு 77,000. நேற்று இரவே உங்கள் அடிவிலை 69,400 ஆகிவிட்டதே! வாடிக்கையாளர் சண்டைக்கு வருவதே இந்த இடத்தில்தான். இன்னொரு சண்டையும் உண்டு. முடிவு விலை என்பது கடைசி வியாபாரத்தின் விலை அல்ல, கடைசி அரைமணி நேர வியாபாரங்களின் சராசரி. திரையில் கடைசியாகப் பார்த்த விலையை வைத்துக் கணக்குப் போட்டால் இடிக்கும்.
'மதிப்பீடு' என்றால் பணம் நகர்ந்தது தெரியாது. 'நாள்தீர்வு' என்று வைக்கலாம்.

காசிமேட்டிலிருந்து:
போன வருஷம் பணம் நிரப்பச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தபோது நான் மீன் ஏலத்தில் நின்றிருந்தேன். பார்ப்பதற்குள் என் லாட்டை விற்றுவிட்டார்கள். சாயங்காலம் விலை ஏறியது. அதற்கு முதலில் ஒரு சொல் கண்டுபிடியுங்கள்! மார்ஜினுக்கு 'அச்சாரம்' என்றே சொல்லலாமே?

வண்ணாரப்பேட்டையிலிருந்து:
அச்சாரம் கூடாது அண்ணே. அது விலையில் ஒரு பகுதி, பாக்கியைக் கொடுத்துப் பொருளை எடுப்போம். மார்ஜின் நம்ம ஊர் வீட்டு அட்வான்ஸ் மாதிரி. திரும்ப வரும், ஆனால் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு வரும். 'ஈட்டுப்பணம்' பொருந்தும். 'நாள்தீர்வு'தான் எனக்கு இடறுகிறது. தீர்வு என்றால் கணக்கே முடிந்தது என்று படிப்பவர் நினைப்பாரே?

சவுகார்பேட்டையிலிருந்து:
அன்றைய கணக்கு முடிந்துதான் போகிறது அம்மா. லாட் மட்டும் நிற்கிறது. தவணை முடியும்போது நடப்பது 'இறுதித்தீர்வு'.

தண்டையார்பேட்டையிலிருந்து:
சரி, இப்போதைக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "நாள்தீர்வில் 6,000 கழிந்து ஈட்டிருப்பு 74,000 ஆனது." வாயில் நன்றாகவே வருகிறது. காசிமேட்டு அண்ணன் கேட்ட சொல் பாக்கி.

இராயபுரத்திலிருந்து:
பரஸ்பர நிதிக்கு எழுதும்போது என் 'சந்தை மதிப்பீடு'தான். அங்கே யாரும் தினமும் பணம் கழிப்பதில்லை.